சிவத்தப் பிள்ளையும் செவ்விளநீரும்

(ஊர்காவற்றுறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



தனிநாயகம் அடிகள் பிறந்த கரம்பொன்னுக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டு சங்கப் பாடலைத் தொடாமல் பேச எனக்குத் துணிவு இல்லை. தொடுவேன், ஆனால் இடையில்தான். முதலில் நம்முடைய வீடுகளில் நாளாந்தம் புழங்கும் ஒரு பேச்சிலிருந்து தொடங்குகிறேன். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போய்வந்த மாமிமார் என்ன சொல்வார்கள்? "பிள்ளை நல்ல சிவப்பு." கல்யாணப் பேச்சிலும் "சிவத்தப் பிள்ளை" என்பார்கள். இதையே ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றினால் கேட்கிறவர் பிள்ளைக்குக் காய்ச்சலா, வெயிலில் வெந்துவிட்டதா என்றுதான் கேட்பார். சிங்களத்தில் மாற்றினாலும் பொருந்தாது. அவர்கள் இந்த இடத்தில் "சுது", அதாவது வெள்ளை என்பார்கள்.

ஒரே தோலை ஒரு மொழி சிவப்பு என்கிறது, இன்னொன்று வெள்ளை என்கிறது. இரண்டில் எது பிழை? என்னுடைய விடை இதுதான்: இரண்டும் சரி. தோலுக்கு நாம் வைத்திருக்கும் சொற்கள் ஒரு வரிசையில் இடத்தைக் காட்டுகின்றன. அந்த வரிசை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எதை நடு என்று வைத்திருக்கிறது என்பது மொழிக்கு மொழி, ஊருக்கு ஊர் வேறு. சொல்லை மட்டும் பெயர்த்துக்கொண்டு வரிசையை விட்டுவிட்டால் பிழை வரும். சில இடங்களில் அந்தப் பிழை சிரிப்போடு போய்விடும், சில இடங்களில் ஆளைக் கொல்லும்.

1. நிறங்களை மொழி பங்கு பிரிக்கும் விதம்

இந்த மேசையில் ஒரு செவ்விளநீர் வைத்திருக்கிறேன். இதன் நிறம் என்ன என்று முன்வரிசை மாணவர்களைக் கேட்டபோது "செம்மஞ்சள்" என்றார்கள். பாடப்புத்தகச் சொல், சரியான விடை. பின்வரிசையில் ஒரு பெரியவர் "பெயரிலேயே இருக்குதே, சிவப்பு" என்றார். அதுவும் சரி. சிங்களத்தில் இந்தக் காய்க்குத் தெம்பிலி என்று பெயர். அதே தெம்பிலிதான் அங்கே செம்மஞ்சள் என்ற நிறத்துக்கும் பெயர். தமிழ் இந்தக் காயைத் தன்னிடம் முன்பே இருந்த ஒரு பெரிய நிறத்துக்குள் போட்டது. சிங்களம் இந்தக் காயிலிருந்து ஒரு புதிய நிறப்பெயரை எடுத்தது.

இப்படியான வேறுபாடுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ணின் குறைபாடு என்று நினைத்தார்கள். பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான கிளாட்ஸ்டன் 1858இல் ஹோமரின் காவியங்களைப் பற்றி எழுதியபோது, பழங்கிரேக்கருக்கு நிற உணர்வு முழுமையாக வளரவில்லையோ என்று ஐயப்பட்டார். இந்த ஐயம் வெகுகாலம் நின்றது. கண்ணில் குறை இல்லை, சொல்தான் வேறு விதமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பது பிறகுதான் துலங்கியது.

அதைச் சோதிக்கும் முறை எளியது. மன்சல் நிற அட்டைகள் என்று ஒரு தொகுதி உண்டு. ஒவ்வொரு நிறத்தையும் மூன்று அளவுகளால் குறிப்பார்கள்: எந்தச் சாயல், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு அழுத்தம். ஏறத்தாழ 330 அட்டைகளை ஒருவர் முன் வைத்து, "உங்கள் மொழியில் சிவப்பு எது எதுவரை?" என்று கேட்கலாம். பிறகு, "இதில் மிக நல்ல சிவப்பு எது?" என்று கேட்கலாம். முதல் கேள்விக்கு விடைகள் ஆளுக்காள் ஓடும். இரண்டாவது கேள்விக்கு விடைகள் நெருங்கி வரும். பிரெண்ட் பெர்லினும் பால் கேயும் 1969இல் வெளியிட்ட நூலில் 98 மொழிகளின் நிறப்பெயர்களை வைத்து ஒரு வரிசை சொன்னார்கள். இரண்டே நிறப்பெயர் உள்ள மொழியில் அவை கறுப்பும் வெள்ளையும். மூன்றாவது வந்தால் அது சிவப்பு. பிறகு பச்சையும் மஞ்சளும், அதன் பிறகு நீலம், அதற்கும் பிறகு கபிலம், கடைசியில் ஊதா, இளஞ்சிவப்பு, செம்மஞ்சள், சாம்பல். இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களே பின்னால் பல இடங்களில் திருத்தினார்கள். ஆனாலும் தமிழைப் படிக்க இந்த வரிசை நல்ல துணை.

தமிழில் வினையாக வரும் பழைய நிறச்சொற்களைப் பாருங்கள்: கறுத்தது, வெளுத்தது, சிவந்தது, பசந்தது. இந்த நான்கும்தான் இயல்பாகக் காலம் காட்டுகின்றன. மஞ்சள் ஒரு கிழங்கின் பெயர். ஊதாவும் கபிலமும் வெளியிலிருந்து வந்தவை. நமது பேச்சில் கத்தரிப்பூ நிறம், மண்ணிறம் என்று பொருளைக் காட்டிச் சொல்வதெல்லாம் பிற்பாடு சேர்ந்தவை. பழைய நான்கிலும் வெறும் சாயல் மட்டும் இருந்ததில்லை. தொல்காப்பிய உரியியல் கறுப்பு, சிவப்பு இரண்டுக்கும் கோபம் என்ற பொருளை முதலில் சொல்லி, நிறத்தை உணர்த்தவும் அவை வரும் என்று பிறகுதான் சேர்க்கிறது. முகம் கறுத்தது என்றும் கண் சிவந்தது என்றும் இன்றைக்கும் சொல்கிறோம். பச்சையில் ஈரமும் இளமையும் இருக்கின்றன. பச்சைத்தண்ணி, பச்சைப் பிள்ளை, பிள்ளை பெற்ற பச்சை உடம்பு. இதில் எதுவும் பச்சை நிறத்தில் இல்லை. பிலிப்பைன்சில் ஹனுனோ என்ற மக்களின் மொழியை ஆராய்ந்த ஹெரால்ட் காங்க்ளின் 1955இல் இதையேதான் எழுதினார். அவர்களுடைய நான்கு நிறச்சொற்களில் ஒன்று பச்சையோடு ஈரத்தையும் சேர்த்துக் குறிக்கும். புதிதாக வெட்டிய மூங்கிலின் ஈரமான கபிலப் பகுதியையும் அவர்கள் அந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள்.

2. தமிழ்ச் சிவப்பின் அகலம்

இனி சிவப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், என் பேச்சின் நடு அதுதான்.

செம்பொன் என்கிறோம். பொன் இன்றைய கணக்கில் மஞ்சள். செம்பு என்ற உலோகத்தின் பெயரிலேயே செம்மை இருக்கிறது, அதன் நிறம் கபிலத்துக்கும் செம்மஞ்சளுக்கும் இடையில். செம்மறி ஆடு சிவப்பா? பெரும்பாலும் மண்ணிறம். வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணைப் பார்த்தவர்கள் அது செங்கல்லும் கபிலமும் கலந்த நிறம் என்று சொல்வார்கள். சிவலை மாடு என்றால் கபில நிற மாடு என்பது மாடு வைத்திருப்பவர் எல்லோருக்கும் தெரியும். செஞ்ஞாயிறு, செந்தீ, செந்நெல் என்று பட்டியலை நீட்டிக்கொண்டு போகலாம். இந்தப் பொருட்களை ஒரே மேசையில் வைத்தால் அவற்றைக் கட்டிவைக்கும் ஒரு சாயல் கிடைக்காது. அடர் சிவப்பிலிருந்து செம்மஞ்சள், கபிலம், பொன் என்று மஞ்சளின் விளிம்பு வரை அது ஓடும்.

மொழியியலாளர் சொல்லும் மூன்று நிற நிலை இதுதான். கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்றே பெயர்கள் இருக்கும்போது சிவப்பு என்பது சூடான சாயல்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக இருக்கும். பிறகு மஞ்சளும் கபிலமும் செம்மஞ்சளும் பிரிந்து தனிக்குடித்தனம் போகின்றன. அப்படிப் பிரிந்துபோன பிறகும் பழைய கூட்டுப்பெயர் சில இடங்களில் அப்படியே தங்கிவிடும்.

நம்மிடம் தங்கிய இடங்களில் ஒன்று நோயின் பெயர். கண்ணும் தோலும் மஞ்சளாகும் நோயைத் தமிழ்நாட்டில் மஞ்சள் காமாலை என்கிறார்கள். நாம் செங்கமாரி என்கிறோம், செங்கண்மாரி என்றும் எழுதுவோம். அதே கண், அதே மஞ்சள். நமது பெயரில் மட்டும் பழைய செம்மை நிற்கிறது. மஞ்சளைக் கண்டுகொள்ளாத கண் அந்தப் பெயரை வைக்கவில்லை. மஞ்சளையும் தனக்குள் வைத்திருந்த ஒரு சொல்லால் வைத்த பெயர் அது.

இன்னொரு இடம் தோல். மனிதத் தோல் முழுவதையும், நோர்வேக்காரரிலிருந்து தென்சூடான்காரர் வரை, மன்சல் அட்டைகளோடு ஒப்பிட்டால் சாயல் பெரிதாக மாறாது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையிலான செம்மஞ்சள் பக்கத்தில் ஒடுங்கிய ஒரு துண்டுக்குள் எல்லோரும் அடங்கிவிடுவோம். பெரிதாக மாறுவது வெளிச்சத்தின் அளவு. காரணம் தோலில் இருக்கும் இரண்டு பொருட்கள். ஒன்று மெலனின், அது ஒளியை விழுங்கும். மற்றது அதன் கீழே ஓடும் இரத்தம். மெலனின் மிகுந்தால் இரத்தத்தின் செம்மை மறைந்துவிடும், குறைந்தால் அது மேலே தெரியும். எல்லோரும் கபிலத்தின் வெவ்வேறு படிகளில் இருக்கும் ஓர் ஊரில் கொஞ்சம் வெளிறிய தோல் உடையவர் வெள்ளையாகத் தெரிய மாட்டார், அடியில் ஓடும் செம்மையோடு தெரிவார். வெள்ளை என்பது நமக்குச் சுண்ணாம்பும் வேட்டியும் நெடுந்தீவின் பவளக்கல் மதில்களும். அதோடு ஒப்பிட்டால் எந்தப் பிள்ளையும் வெள்ளை இல்லை. ஆகவே சிவத்தப் பிள்ளை என்று சொன்ன நமது பாட்டிமார் பார்த்ததைத்தான் சொன்னார்கள். தெலுங்கரும் இந்த இடத்தில் எர்ர என்று சிவப்பையே சொல்கிறார்கள். மலையாளிகள் வெளுத்தவர் என்று வெள்ளைப் பக்கம் போய்விட்டார்கள். ஒரே மொழிக்குடும்பத்துக்குள் இரண்டு வழி.

3. நடு எங்கே?

வரிசை என்றால் நடு ஒன்று வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பொது நிறம் என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது, ஏனென்றால் அது எந்தப் பொருளையும் காட்டவில்லை. பூவும் இல்லை, கிழங்கும் இல்லை. "நம்மில் பெரும்பாலானோர் இருக்கிற மாதிரி" என்று மட்டும் சொல்கிறது. வரிசையின் தன்மையை ஒளிக்காமல் வெளியே சொல்லும் ஒரே சொல் அதுதான். அதற்கு மேலே சிவப்பு, வெள்ளை. கீழே கறுப்பு. வீட்டுச் செல்லப் பெயராகச் சிவலை, கறுவல். தமிழ்நாட்டில் நடுவுக்கு மாநிறம் என்பார்கள்.

அந்த "மா" நம்மைச் சங்கப் பாடலுக்குக் கொண்டுபோகிறது. அங்கே தலைவியின் நிறம் மாமை. மாந்தளிரோடு வைத்துப் பேசப்படும் நிறம் அது. மாந்தளிரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பச்சையாவதற்கு முன் செம்பும் கபிலமும் கலந்து, மினுமினுப்போடு இருக்கும். தலைவன் பிரிந்தால் அவள் இழப்பது இந்த மாமையின் அழகைத்தான். அதன் இடத்தில் வந்து படர்வது பசலை. திருக்குறளில் 119ஆம் அதிகாரம் முழுவதும் இந்தப் பசப்பைப் பற்றியது. பசலையைப் பொன்னோடும் பீர்க்கம்பூவோடும் ஒப்பிடுகிறார்கள், அதாவது வெளிறிய மஞ்சள். இன்றைய மணமகள் தேவை விளம்பரத்தின் கண்ணோடு படித்தால், பிரிவினால் அவள் நிறம் கூடிவிட்டது என்று ஒருவர் மகிழக்கூடும். பாடலில் அது நோய். பழந்தமிழர் கறுப்பைக் கொண்டாடினார்கள் என்று இதிலிருந்து முழங்க நான் வரவில்லை, பொன் நிறத்தைப் புகழும் இடங்களும் உண்டு. நான் சொல்வது, அந்தப் பாடல்களில் வரிசையின் நல்ல இடம் நடுவில் இருந்தது என்பதே. வெளிறிப்போவது அங்கே இறக்கம். மாயோன், சேயோன் என்று கறுப்பும் சிவப்பும் இரண்டு தெய்வங்களின் பெயராகவே நின்ற காலம் அது.

பிற்காலத்தில் வரிசையின் ஒரு நுனிக்கு மட்டும் விலை ஏறியது. இதை மொழி எப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்று பாருங்கள். "பிள்ளை நல்ல நிறம்" என்றால் என்ன பொருள்? வெளிறிய பிள்ளை என்று பொருள். "நிறம் கொஞ்சம் குறைவு" என்றால் கறுப்பு. தமிழ்நாட்டில் "பொண்ணு கலரா இருக்கா" என்பார்கள். நிறம் என்ற பொதுச்சொல்லே வரிசையின் ஒரு நுனிக்கு எழுதி வைக்கப்பட்டுவிட்டது. சிங்களத்தில் பெஹெபத் என்கிறார்கள். நேரே சொன்னால் நிறமும் ஒளியும் உடையவர், வழக்கில் வெளிறிய தோல் உடையவர். ஆங்கிலத்தின் ஃபேர் என்ற சொல்லுக்கும் பழைய பொருள் அழகு. 1975இல் இந்தியாவில் வந்த முகப்பசை ஒன்று இந்தச் சொல்லைத் தலைப்பெயராக வைத்தே நாற்பத்தைந்து ஆண்டுகள் விற்றது. 2020இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ஒளிர்வு என்ற பொருள்படும் குளோ என்பதைப் போட்டார்கள். சிங்களச் சொல்லின் மற்றப் பாதியை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாகத் தென்னாபிரிக்காவைப் பாருங்கள். 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டத்தில் கலர்டு என்று ஒரு வகுப்பு இருந்தது. அங்கே வெள்ளையருக்கு நிறமே கிடையாது, நிறம் உடையவர் என்றால் வெள்ளையரும் அல்லாத, பூர்வகுடி ஆபிரிக்கரும் அல்லாத மற்றவர். சென்னையில் கலரான பெண் என்றால் வெளிறியவள். கேப் டவுனில் அதே சொல்லுக்கு வெள்ளையும் அல்லாத, கறுப்பும் அல்லாத ஒருத்தி என்று பொருள். சொல் ஒன்றுதான். சுழியை எங்கே வைத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

4. ஒரு பிள்ளை, பல வரிசை

இதை ஒரு கற்பனைப் பிள்ளையை வைத்து நடத்திப் பார்க்கலாம். நெடுந்தீவில் பிறந்தவள். தோலின் நிறத்தை அளக்கும் கருவி ஒன்று உண்டு. வெயில் படாத மேற்கையின் உட்புறத்தில் அதை வைத்து ஒளியைப் பாய்ச்சி, எத்தனை வீதம் திரும்பி வருகிறது என்று பார்ப்பார்கள். நமது பிள்ளைக்கு ஒரு எண் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் அவள் வாழ்நாளில் பெரிதாக மாறாது.

ஊரில் அவள் பொது நிறம். தமக்கைமார் இருவரும் சிவப்பாக இருப்பதால் வீட்டில் அவளைக் கறுவல் என்று கூப்பிடுகிறார்கள். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, அம்மம்மாவின் வாயில் அது செல்லம். நயினாதீவுப் படகில் தெற்கிலிருந்து நாகவிகாரைக்கு வந்த சிங்கள அம்மா ஒருவர் அவளைத் தலெலு என்கிறார். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் சிங்களம் தோலுக்கென்றே வைத்திருக்கும் சொல் அது, இதமான சொல்தான். அதே அம்மா அவள் தமக்கையைச் சுது என்கிறார். சிவப்பு என்ற இடைப்படி சிங்கள வரிசையில் இல்லை. ஆகவே நம்முடைய நான்கு படியில் மூன்றாவதில் நிற்பவர் அவர்களுடைய மூன்று படியில் நுனிக்குப் போய்விடுகிறார். படகில் மூவரும் ஒரே வாங்கிலில் இருக்கிறார்கள், சாயலோ வெளிச்சமோ மாறவில்லை.

கல்யாணத்துக்கு ஆங்கிலப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தால் அவள் கோதுமை நிறம் ஆகிவிடுவாள். கோதுமை விளையாத நாட்டில் அந்த நிறம் எப்படி வந்தது என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. வட இந்தியாவின் கேகுவா என்ற சொல் ஆங்கிலத்தில் புகுந்து, அங்கிருந்து நமது விளம்பரங்களுக்குப் படியேறி வந்திருக்கிறது. பனங்கட்டி நிறம் என்று ஒருவரும் எழுதுவதில்லை.

பிறகு அவள் கடல் கடக்கிறாள். தீவகத்தில் கடல் கடக்காத குடும்பம் எது? டொரோண்டோவில் குடித்தொகைப் படிவம் அவளைத் தெற்காசியர் என்கிறது. கனடாச் சட்டத்தின் வரையறையில் அவள் வெள்ளையல்லாதவர் என்ற பெரிய கூட்டத்தில் ஒருத்தி. அங்கே சிவத்தத் தமக்கையும் கறுவல் தங்கையும் ஒரே பெட்டிக்குள். பள்ளிக்கூடத்துத் தோழிகள் இருவரையும் பிரவுன் என்பார்கள். 1970களில் இலண்டனில் இறங்கியிருந்தால் அவள் அரசியல் கூட்டங்களில் கறுப்பர். யாழ்ப்பாணப் பின்னணி உடைய அம்பலவாணர் சிவானந்தன் 1958 கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டுப் போனவர். கறுப்பு என்பது தோலின் நிறம் அல்ல, அரசியலின் நிறம் என்று ஆசியர், ஆபிரிக்கர், கரிபியர் எல்லோரையும் ஒரே சொல்லின் கீழ் நிறுத்தியவர்களில் முக்கியமானவர். 1991இல் பிரித்தானியக் குடித்தொகைக் கணிப்பில் முதன்முதலாக இனத்தைக் கேட்டபோது கறுப்பருக்குச் சில பெட்டிகள், இந்தியர் முதலான ஆசியருக்கு வேறு பெட்டிகள் என்று மறுபடி பிரித்தார்கள்.

இங்கே நம்முடைய புலம்பெயர்ந்த வீடுகளில் நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் செல்லமாக இருந்த கறுவல் என்ற சொல் அங்கே வீட்டுக்கு வெளியே ஆபிரிக்கரைச் சுட்டப் பயன்படுகிறது. காப்பிலி என்ற போர்த்துக்கேயர் காலத்துச் சொல்லும் கூடவே வருகிறது. சொல்பவர் பழைய ஊர் வரிசையில் அடுத்த படியைக் காட்டுவதாக நினைத்துக்கொள்கிறார். கேட்பவருடைய நாட்டில் அது அடிமைச் சந்தையின் வரலாறு ஒட்டிய இனப்பெயர். நான் அதை வசை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

படிகளின் எண்ணிக்கைக்கு எல்லை இல்லை என்பதற்குப் பிரேசில் சாட்சி. 1976இல் அரசின் வீட்டுக் கணிப்பில் "உங்கள் நிறம் என்ன?" என்று பெட்டி வைக்காமல் கேட்டார்கள். 130க்கு மேற்பட்ட வெவ்வேறு விடைகள் வந்தன. கடற்கரை வெயிலில் காய்ந்த நிறம் என்று சொன்னவரும் உண்டு.

5. இனத்துக்கு நிறம் பூசியவர்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தோலின் ஒப்பீட்டு வரிசையை எடுத்து, உலக மக்களை நான்கு பெட்டியில் அடைத்தவர்களில் முதன்மையானவர் சுவீடனின் லின்னேயஸ். 1735இல் ஐரோப்பியர் வெள்ளை, அமெரிக்கர் சிவப்பு, ஆபிரிக்கர் கறுப்பு, ஆசியர் மங்கிய கபிலம் என்றார். 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆசியரின் நிறத்தை வெளிறிய மஞ்சள் என்று பொருள்படும் சொல்லாக மாற்றினார். 23 ஆண்டுகளில் ஆசியாவில் யாருடைய தோலும் மாறவில்லை. அதற்கு முன் பதினாறாம் நூற்றாண்டில் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போன போர்த்துக்கேயர் அந்த மக்களை வெள்ளையர் என்றே எழுதினார்கள். அதே போர்த்துக்கேயர் கொழும்பில் இறங்கியபோது, மிக வெள்ளையான, அழகான மக்கள் வந்திருக்கிறார்கள், இரும்புத் தொப்பி போடுகிறார்கள், கல்லைத் தின்று இரத்தம் குடிக்கிறார்கள் என்று அரசனுக்குச் செய்தி போனதாக இராஜாவலி சொல்கிறது. ஊர்காவற்றுறையில் துறை கட்டி, கயிற்ஸ் என்ற பெயரை விட்டுப்போனவர்களும் அவர்களே. நம்முடைய வரிசையில் சிவப்புக்கு அப்பால் வெள்ளைக்காரர் என்று ஒரு படி மனிதருக்கு உறுதியாகச் சேர்ந்தது ஐரோப்பியர் வந்த பிறகுதான் என்பது என் கணிப்பு.

6. நோயாளியின் தோல்

கடைசியாக, ஆளைக் கொல்லும் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அந்த இடத்துக்கு வருகிறேன். இங்கே தாதியரும் குடும்பநல உத்தியோகத்தரும் இருக்கிறீர்கள்.

மருத்துவப் பாடப்புத்தகங்களில் நோய்க்குறிகள் நிறத்தால் எழுதப்பட்டிருக்கின்றன: தோல் சிவக்கும், நீலம் பாரிக்கும், வெளிறும், மஞ்சளிக்கும். இந்தச் சொற்கள் வெளிறிய தோலைச் சுழியாக வைத்து எழுதியவை. மெலனின் மிகுந்த தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து, ஊதா கலந்து தெரியும், அல்லது தொட்டால் சூடாகவும் தடித்தும் மட்டும் இருக்கும். பிராணவாயு குறைந்தால் அந்தத் தோல் நீலமாகாது, சாம்பல் பூத்ததுபோல் ஆகும். ஆகவே தோலை விட்டுவிட்டு மெலனின் குறைந்த இடங்களைப் பார்க்க வேண்டும்: நாக்கு, உதட்டின் உட்புறம், கீழ் இமையின் உட்பக்கம், உள்ளங்கை.

கருவிக்கும் இந்தச் சிக்கல் உண்டு. விரலில் மாட்டிப் பிராணவாயு பார்க்கும் சிறு கருவி, ஒளியைத் தோல் வழியாக அனுப்பித்தான் கணக்கிடுகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் இரத்தத்தை எடுத்துச் சோதித்தது. உண்மையில் 88க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளரில் 11.7 வீதத்திலும், வெள்ளையரில் 3.6 வீதத்திலும். ஏறத்தாழ மும்மடங்கு. எண் நன்றாக இருக்கிறதே என்று மூச்சு வாங்குகிறவரை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. மூச்சின் வேகத்தை எண்ணுங்கள், பேச முடிகிறதா பாருங்கள்.

பிறந்த பிள்ளையின் செங்கமாரிக்கு வருகிறேன். "பிள்ளை நல்ல நிறமாக வருகுது" என்று வீட்டார் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே மஞ்சள் ஏறிக்கொண்டிருக்கலாம். பார்க்க வேண்டிய முறை இது: விளக்கை அணைத்துவிட்டு, யன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோங்கள். நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். அழுத்திய இடத்தில் இரத்தம் விலகியதும் அடியிலுள்ள நிறம் ஒரு கணம் தெரியும். கண்ணின் வெள்ளையையும் முரசையும் பாருங்கள். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், எப்போதென்றாலும் உள்ளங்கை, உள்ளங்கால் வரை வந்தாலும் காத்திருக்கக் கூடாது. கண்ணால் மதிப்பது கறுத்த தோலில் இன்னும் தவறும் என்பதால், ஐயம் வந்தாலே பிலிரூபின் அளவை இரத்தத்தில் பார்த்துவிட வேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகு ஒரு மணித்தியாலம், அதற்குப் பிறகு யாழ்ப்பாணம் வரை தெரு. மாலைப் படகு போய்விட்டால் என்ன ஒழுங்கு என்பதைத் தாய் வீட்டுக்குப் போகும் நாளிலேயே அந்தக் குடும்பத்தோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.